பீத்தோவன் விரும்பாத இரண்டு பார்கள்

1810ஆம் ஆண்டு பீத்தோவன் தம் பதிப்பாளர்களான ப்ரைட்கோப்ஃப் உண்ட் ஹேர்டல் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐந்தாம் சிம்பொனியின் மூன்றாம் பகுதியில் இரண்டு பார்கள் கூடுதலாக அச்சாகியிருக்கின்றன, அவை அங்கே இருக்கக் கூடாது என்று அதில் சொல்லியிருந்தார். நிறுவனம் திருத்தவில்லை. 1826இல் முழு ஸ்கோரை அச்சிட்டபோதும் அந்த இரண்டு பார்கள் அப்படியே இருந்தன. அடுத்த ஆண்டு பீத்தோவன் இறந்துபோனார். 1846இல் மெண்டல்ஸோன் இதைப் பற்றிக் கேள்வி எழுப்பிய பிறகுதான் பழைய கடிதம் வெளியே வந்தது. அதுவரை உலகின் மிகப் புகழ்பெற்ற சிம்பொனி இரண்டு பார் நீளமாகவே பல மேடைகளில் ஒலித்தது.

அந்த இரண்டு பார்களை அச்சகத்தில் யாரும் கற்பனையாகச் சேர்த்துவிடவில்லை. அவை பீத்தோவனே எழுதியவைதான். ‘முதல் முறை இப்படி முடி, இரண்டாம் முறை அப்படி முடி’ என்று சொல்லும் ஒரு குறியின் கீழ் அவை இருந்தன. குறி போய், பார்கள் மட்டும் தங்கிவிட்டன. அது எப்படி நடந்தது என்று புரிய, முதலில் அந்தக் குறிகளையே படிக்கத் தெரிய வேண்டும். பியானோவோ வயலினோ கிட்டாரோ கற்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்கள் தினமும் தடுமாறும் இடமும் இதுதான்.

மேலைநாட்டு இசைத்தாளில் ஐந்து கோடுகளின் மேல் சுரங்கள் எழுதப்படுகின்றன. சம அளவு தாளத் துண்டுகளாக அவற்றைச் செங்குத்துக் கோடுகள் பிரிக்கின்றன. இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட துண்டுதான் பார். வாசிப்பு இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். இதுவரை புத்தகம் படிப்பது போலத்தான். ஆனால் தாளில் உள்ள பார்களின் வரிசையும் காதில் விழும் பார்களின் வரிசையும் ஒன்றல்ல. ஒரே இசை இரண்டு முறை வர வேண்டுமென்றால் அதை இரண்டு முறை அச்சிடுவதில்லை. திரும்பிப் போ, தாண்டு, இங்கே நிறுத்து என்று குறி போட்டுவிடுகிறார்கள்.

இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் உண்டு. பழைய நாளில் ஒவ்வொரு பக்கத்தையும் உலோகத் தகட்டில் இடவலம் மாற்றிச் செதுக்கி அச்சிட்டார்கள். எட்டு வரி குறைந்தால் ஒரு தகடும் அதற்கான உழைப்பும் மிச்சம். வாசிப்பவருக்கும் பக்கம் புரட்டும் வேலை குறைந்தது. தகடுகள் போய்க் கணினி வந்த பிறகும் குறிகள் மாறவில்லை.

இரண்டு புள்ளிகள்

மிக எளிய குறி ரிப்பீட். ஒரு மெல்லிய கோடு, அதை ஒட்டி வலப்பக்கம் ஒரு தடித்த கோடு, மெல்லிய கோட்டுக்கு இடப்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு புள்ளிகள். இந்த இடத்துக்கு வந்ததும் பின்னால் போக வேண்டும். எதுவரை? இதே குறி கண்ணாடியில் பார்த்தது போல் திரும்பி நிற்கும் இடம் வரை. அங்கே தடித்த கோடு முதலிலும் புள்ளிகள் வலப்பக்கமும் இருக்கும். புள்ளிகள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ, திரும்ப வாசிக்க வேண்டிய இசை அந்தப் பக்கம் இருக்கிறது. இதை ஒன்றை மனத்தில் வைத்தால் போதும், தொடக்கக் குறியையும் முடிவுக் குறியையும் குழப்பிக்கொள்ள மாட்டோம்.

திரும்பிப் போவது ஒரே ஒரு முறைதான். இரண்டாம் முறை அதே புள்ளிகளுக்கு வரும்போது அவை இல்லாதது போல் கடந்து போக வேண்டும். மூன்று நான்கு முறை வேண்டுமென்றால் அதைத் தனியே எழுதியிருப்பார்கள்.

பியானோ தொடக்க வகுப்புகளில் அநேகமாக எல்லாரும் வாசிக்கும் ஜி மேஜர் மினுவெட்டை எடுத்துக்கொள்வோம். பாக் தம் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725இல் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தில் இருப்பதால், நெடுங்காலம் பாக் எழுதியது என்றே நம்பப்பட்டது. உண்மையில் எழுதியவர் கிறிஸ்டியான் பெட்ஸோல்ட். அதில் 16 பார்கள் கொண்ட இரண்டு பாதிகள் உள்ளன. முதல் பாதியின் முடிவில் புள்ளிகள். இரண்டாம் பாதியின் தொடக்கத்திலும் முடிவிலும் புள்ளிகள். தாளில் 32 பார்கள், காதில் 64 பார்கள்.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். முதல் பாதியின் தொடக்கத்தில் புள்ளிக் குறி இல்லை. அது பிழையல்ல. திரும்பிப் போகும்போது வழியில் தொடக்கக் குறி எதுவும் தென்படாவிட்டால் பாட்டின் ஆரம்பத்துக்கே போய்விட வேண்டும் என்பது மரபு. ஆரம்பத்தில் யாரும் குறி போடுவதில்லை.

இந்தச் சின்ன மரபு பெரிய பியானோக் கலைஞர்களிடையே வழக்கையே உண்டாக்கியிருக்கிறது. 1840இல் வெளிவந்த ஷோப்பனின் இரண்டாம் பியானோ சொனாட்டா நான்கு பார்கள் கொண்ட கனத்த, மெதுவான முகப்போடு தொடங்குகிறது. ஐந்தாம் பாரில் வேகம் இரட்டிக்கிறது. முதல் பெரும் பிரிவின் முடிவில் ரிப்பீட் புள்ளிகள் உள்ளன. ஜெர்மன் பதிப்பில் ஐந்தாம் பாரின் முன்னால் தொடக்கப் புள்ளிகளும் அச்சாகியிருந்தன. எனவே வேகமான இடத்துக்குத்தான் திரும்ப வேண்டும் என்று பலர் வாசித்தார்கள். பிரெஞ்சுப் பதிப்பிலும் ஆங்கிலப் பதிப்பிலும் அங்கே புள்ளிகள் இல்லை. அப்படியானால் மரபுப்படி முதல் பாருக்கே போக வேண்டும். மெதுவான முகப்பு மறுபடி ஒலிக்க வேண்டும். இதுவே சரி, ஜெர்மன் பதிப்பின் புள்ளிகள் அச்சுப் பிழை என்று பியானோக் கலைஞரும் எழுத்தாளருமான சார்லஸ் ரோசன் வாதிட்டார். இன்றும் இரு விதமாகவும் வாசிக்கிறார்கள். ஒரே சொனாட்டாவின் இரண்டு ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஒன்றில் மட்டும் முகப்பு இரண்டு முறை வந்தால் வியக்க வேண்டாம். வேறுபாடு அந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது.

முதல் முடிவும் இரண்டாம் முடிவும்

ஒரு பகுதி இரண்டு முறை வருகிறது. ஆனால் கடைசி ஓரிரு பார்கள் மட்டும் மாறுகின்றன. முதல் முறை, ஆரம்பத்துக்குத் திரும்புவதற்கு ஏற்றபடி முடிய வேண்டும். இரண்டாம் முறை, அடுத்த பகுதிக்குள் நுழைவதற்கு ஏற்றபடி முடிய வேண்டும். இதற்காகக் கோடுகளுக்கு மேலே படுக்கையாக ஓர் அடைப்புக் கோடு போட்டு, அதன் கீழ் 1 என்றும், அடுத்த அடைப்பின் கீழ் 2 என்றும் எழுதுகிறார்கள். வகுப்புகளில் ஃபர்ஸ்ட் டைம் பார், செகண்ட் டைம் பார் என்பார்கள்.

முதல் சுற்றில் 1 என்ற அடைப்பின் கீழ் உள்ளதை வாசித்து, அதன் முடிவில் உள்ள புள்ளிகளைப் பார்த்துத் திரும்ப வேண்டும். இரண்டாம் சுற்றில் 1க்கு முந்தின பாரிலிருந்து ஒரே தாவாக 2க்குள் குதிக்க வேண்டும். முதல் அடைப்பை இரண்டாம் முறை தொடவே கூடாது. புதிதாகக் கற்பவர்கள் செய்யும் தவறு, இரண்டாம் சுற்றில் 1ஐயும் வாசித்து அதன் பின் 2ஐயும் வாசிப்பது. தனியாக வாசிக்கும்போது பாட்டு இரண்டு தடவை முடிவது போல் காதுக்குத் தோன்றும். குழுவில் வாசித்தால் உடனே மாட்டிக்கொள்வோம். மற்றவர்கள் ஒரு பார் முன்னால் போயிருப்பார்கள்.

பீத்தோவனின் ‘ஃப்யூர் எலீஸ’ இதற்கு நல்ல பாடம். 1810இல் எழுதப்பட்டு, அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1867இல் அச்சான சிறு பியானோத் துண்டு அது. கைப்பேசி அழைப்பு ஒலியாகக் கேட்டிராதவர் குறைவு. அதன் தாளம் ஒரு பாருக்கு மூன்று எண்ணிக்கை. ஆனால் பாட்டு முழு பாரோடு தொடங்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த அந்த முதல் இரண்டு குறுஞ்சுரங்கள் சேர்ந்து ஒரே ஓர் எண்ணிக்கைதான். அதன் பிறகே முதல் பார் வருகிறது. நம் இசையில் எடுப்பு தாளத்தின் சமத்துக்கு முன்னாலேயே விழுவதுண்டு அல்லவா, அதே போன்றது இது.

அந்த முன்-எடுப்புக்குப் பின் ஏழு முழு பார்கள். எட்டாவது பார் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. 1 என்ற அடைப்பின் கீழ் உள்ளதை எண்ணிப் பாருங்கள்: அதில் இரண்டு எண்ணிக்கைக்குத்தான் இசை இருக்கும். ஒன்று குறைகிறது. குறையும் ஒன்று எங்கே? திரும்பிப் போகும் இடத்தில், அந்த முதல் இரண்டு குறுஞ்சுரங்களில். இரண்டும் ஒன்றும் சேர்ந்து மூன்று. பார் நிறைந்துவிட்டது. 2 என்ற அடைப்பின் கீழ் உள்ள பார் முழுசாக மூன்று எண்ணிக்கை கொண்டது. அங்கே ஏ என்ற சுரத்தில் நின்று, ஒரு சின்ன இடைவெளி விட்டு, பி, சி, டி என்று மூன்று குறுஞ்சுரங்கள் ஏறி அடுத்த பகுதிக்குக் கொண்டுபோகின்றன.

இந்தக் கணக்கு தெரியாதவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் முதல் முடிவில் மூன்று எண்ணிக்கை நின்றுவிட்டுப் பிறகு ஆரம்பத்துக்குப் போகிறார்கள். பாட்டு நடுவில் ஒரு விக்கல் விழுகிறது. சிலர் திரும்பும்போது முன்-எடுப்பை விட்டுவிட்டு நேரே முதல் முழு பாரில் இறங்குகிறார்கள். ஓர் எண்ணிக்கை காணாமல் போகிறது. கண்டுபிடிக்க எளிய வழி, காலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டிக்கொண்டே வாசிப்பது. திரும்பி வந்த பிறகு முதல் முழு பாரின் முதல் சுரம் ‘ஒன்று’ மேல் விழுந்தால் சரி. வேறு எண்ணிக்கையில் விழுந்தால் திருப்பத்தில்தான் பிழை.

முதல் முடிவு எப்போதும் இப்படி ஒரு சின்னத் திருப்பமாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஷூபர்ட் 1828இல், தம் கடைசி ஆண்டில் எழுதிய பி ஃப்ளாட் சொனாட்டாவின் முதல் பகுதியில் முதல் முடிவு ஒன்பது பார் நீளம். அந்த ஒன்பது பார்களின் இசை அந்தப் பகுதியில் வேறெங்கும் வருவதில்லை. ரிப்பீட்டை விட்டுவிட்டு நேரே இரண்டாம் முடிவுக்குப் போகும் கலைஞர்கள் அந்த இசையையே விட்டுவிடுகிறார்கள். ஆல்ஃப்ரெட் ப்ரெண்டல் தெரிந்தே அதை விட்டார்; அதற்குக் காரணம் காட்டி எழுதியும் இருக்கிறார். எதிர்த்தவர்கள் பலர்.

இப்போது ஐந்தாம் சிம்பொனிக்கு வரலாம். அதன் மூன்றாம் பகுதியில் ஒரு ஸ்கெர்ட்ஸோ, பிறகு ட்ரியோ என்ற நடுப்பகுதி, பிறகு ஸ்கெர்ட்ஸோ மறுபடி மெல்லிய குரலில். ஸ்கெர்ட்ஸோவையும் ட்ரியோவையும் முழுசாக இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் மெல்லிய கடைசிச் சுற்றுக்குப் போக வேண்டும் என்று பீத்தோவன் முதலில் திட்டமிட்டிருந்தார். அதற்காக ட்ரியோவின் முடிவில் இரண்டு பார்களை இரண்டு வடிவங்களில் எழுதினார். ஒன்று ஆரம்பத்துக்குத் திரும்ப, மற்றொன்று கடைசிச் சுற்றுக்குள் நுழைய. பிறகு அந்தப் பெரிய ரிப்பீட் வேண்டாம் என்று மனம் மாறினார். ரிப்பீட் போனால் முதல் முடிவின் இரண்டு பார்களும் போக வேண்டும். அவை அடிபடாமல் நின்றுவிட்டன. அச்சுக்குப் போனபோது எண்ணிட்ட அடைப்புகள் இல்லாததால், முதல் முடிவும் இரண்டாம் முடிவும் தொடர்ச்சியாக நான்கு பார்களாக அச்சாகிவிட்டன. தொடக்க மாணவர் செய்யும் அதே தவறை, அதாவது 1ஐ வாசித்து உடனே 2ஐ வாசிப்பதை, அச்சுத்தாளே எல்லா வாத்தியக் குழுக்களுக்கும் கற்றுக்கொடுத்தது.

டா காப்போ: மறுபடி தலையிலிருந்து

ரிப்பீட் புள்ளிகள் ஒரு துண்டை உடனே மறுபடி வாசிக்கச் சொல்கின்றன. டா காப்போ அப்படியல்ல. வேறொரு பகுதி வந்து போன பிறகு, பாட்டின் ஆரம்பத்துக்குப் போகச் சொல்கிறது. தாளில் டி.சி. என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். கூடவே ‘அல் ஃபீனே’ என்று இருந்தால், ஃபீனே என்று எழுதியுள்ள இடத்தில் நிறுத்த வேண்டும். ஃபீனே பெரும்பாலும் பக்கத்தின் நடுவில் எங்காவது இருக்கும். முதல் முறை கடக்கும்போது அதைக் கண்டுகொள்ளக் கூடாது. டி.சி. வந்து திரும்பிய பிறகுதான் அந்தச் சொல்லுக்கு உயிர். பழைய தாள்களில் ஃபீனே என்ற சொல்லுக்குப் பதில், முடிவுக் கோட்டின் மேல் ஒரு வளைவும் அதனுள் ஒரு புள்ளியும் மட்டும் இருக்கும்.

மோட்சார்ட் 1787இல் எழுதிய ‘ஐனே க்ளைனே நாக்ட்மூசிக்’ என்ற படைப்பின் மூன்றாம் பகுதியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதலில் மினுவெட்: எட்டு பார் புள்ளிகளோடு, இன்னொரு எட்டு பார் புள்ளிகளோடு. அடுத்து ட்ரியோ: எட்டு பார் புள்ளிகளோடு, பன்னிரண்டு பார் புள்ளிகளோடு. ட்ரியோவின் முடிவில் மினுவெட்டை டா காப்போ செய்யச் சொல்லும் குறிப்பு. தாளில் மொத்தம் 36 பார்கள்.

வாசிக்கும்போது மினுவெட் இரண்டு பாதிகளும் இரட்டித்து 32. ட்ரியோ இரட்டித்து 40. பிறகு மினுவெட்டுக்குத் திரும்பும்போது ரிப்பீட் இல்லாமல் ஒரே ஓட்டமாக 16. கூட்டினால் 88 பார்கள். டா காப்போவுக்குப் பின் ரிப்பீட்டுகளை விட்டுவிடுவதுதான் இன்றைய பொது வழக்கம். ஆனால் தாளில் அப்படி எழுதியிருக்காது. வாசிப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். பழைய தாள்கள் சிலவற்றில் ‘ரிப்பீட் இல்லாமல்’ என்று தனியே எழுதியிருப்பதால், அந்தக் காலத்தில் எல்லாரும் விட்டுவிடவில்லை என்றும் தெரிகிறது. அதனால் இன்று சில குழுக்கள் திரும்பும்போதும் ரிப்பீட்டுகளோடு வாசிக்கின்றன. அப்போது 104 பார்கள். குழுவாக வாசிப்பவர்கள் ஒத்திகைக்கு முன்பே இதைப் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

டா காப்போ குறிப்பை மாணவர் கவனிக்காமல் ட்ரியோவோடு நிறுத்திவிட்டால் எப்படித் தெரியும்? காது சொல்லிவிடும். மோட்சார்ட்டின் மினுவெட் ஜி மேஜரில் இருக்கிறது, ட்ரியோ டி மேஜரில். ட்ரியோவின் கடைசி பாரில் நிறுத்தினால் பாட்டு வேறு ஆதார சுரத்தில் நின்றுபோகும். தொடங்கிய ஸ்ருதிக்கு வராமல் பக்கம் முடிந்தால், மூலையில் எங்கோ ஒரு டி.சி. இருக்கிறது என்று தேடுங்கள்.

இந்தத் திரும்புதல் வெறும் சிக்கனமும் அல்ல. ஹாண்டலின் ஆபரா ஆரியாக்களில் முதல் பகுதி, மாறுபட்ட நடுப்பகுதி, பிறகு டா காப்போ என்ற அமைப்பு வழக்கமானது. திரும்பி வரும்போது பாடகர் அதே மெட்டைத் தம் அலங்காரங்களோடு பாட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அலங்காரம் தாளில் இருக்காது. பாக்கின் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் பாக், மாற்றங்களைத் தானே விரித்து எழுதிய சொனாட்டாத் தொகுப்பை 1760இல் வெளியிட்டார். மாற்றத்தை எழுத நினைத்தால் ரிப்பீட் குறி உதவாது. ஒவ்வொரு சுரத்தையும் அச்சிட வேண்டியதுதான்.

செஞ்யோவும் கோடாவும்

ஆரம்பத்துக்கே போகாமல் நடுவில் ஓர் இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்றால் டி.எஸ். என்று எழுதுவார்கள். டால் செஞ்யோ என்பதன் சுருக்கம். செஞ்யோ என்பது சாய்ந்த எஸ் எழுத்தைக் குறுக்கே ஒரு கோடு வெட்டி, இரு பக்கமும் புள்ளி வைத்த குறி. டி.எஸ். வந்ததும் அந்தக் குறி இருக்கும் பாருக்குப் போக வேண்டும்.

கோடா என்பது வாலில் ஒட்டியிருக்கும் தனி முடிவு. அதன் குறி ஒரு வட்டமும் அதன் மேல் ஒரு கூட்டல் கோடும். இந்தக் குறி தாளில் இரண்டு இடங்களில் வரும். ஒன்று, குதிக்க வேண்டிய இடம். அங்கே ‘டு கோடா’ என்றும் எழுதியிருக்கும். மற்றொன்று, போய் இறங்க வேண்டிய இடம். அச்சிடுபவர்கள் கோடாவின் முன்னால் ஐந்து கோடுகளையே அறுத்து ஓர் இடைவெளி விடுவதுண்டு. தொடர்ச்சியாக வாசித்துக்கொண்டு இதற்குள் வராதே என்பதற்கான அடையாளம் அது.

எல்லாக் குறிகளும் சேர்ந்து வரும் ஒரு பாட்டைக் கற்பனை செய்வோம். மெல்லிசைத் தாள்களில் இந்த அமைப்பைச் சாதாரணமாகப் பார்க்கலாம். மொத்தம் 36 பார்கள். 1 முதல் 4 வரை முகப்பு இசை. ஐந்தாம் பாரில் செஞ்யோ குறியும் ரிப்பீட் தொடக்கப் புள்ளிகளும். 5 முதல் 10 வரை சரணம். 11, 12 முதல் முடிவு. 13, 14 இரண்டாம் முடிவு. 15 முதல் 22 வரை பல்லவி. 22இன் கடைசியில் ‘டு கோடா’. 23 முதல் 30 வரை இடையிசை. 30இன் கடைசியில் ‘டி.எஸ். அல் கோடா’. 31 முதல் 36 வரை கோடா.

வழி இப்படிப் போகிறது. முதல் பாரில் தொடங்கி 12 வரை வந்து, புள்ளிகளைப் பார்த்து 5க்குத் திரும்புகிறோம். 10 வரை வாசித்து 13க்குத் தாவி, 22 வரை போகிறோம். அங்கே ‘டு கோடா’ இருக்கிறது. ஆனால் இன்னும் டி.எஸ். வரவில்லை, எனவே அதைக் கண்டுகொள்ளாமல் இடையிசைக்குள் நுழைகிறோம். 30இல் டி.எஸ்., உடனே 5க்குத் திரும்புகிறோம். இப்போது ரிப்பீட் கிடையாது. 10இலிருந்து நேரே 13க்குப் போய், 22 வரை வாசிக்கிறோம். இந்த முறை ‘டு கோடா’ நமக்காகத்தான். அங்கிருந்து 31க்குக் குதித்து, 36இல் முடிக்கிறோம்.

கூட்டிப் பாருங்கள். முகப்பு 4, சரணம் இரண்டு முறை 16, பல்லவி 8, இடையிசை 8, டி.எஸ்.க்குப் பின் சரணம் 8, பல்லவி 8, கோடா 6. மொத்தம் 58 பார்கள். பாருக்கு நான்கு எண்ணிக்கை, நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை என்ற வேகத்தில் ஒரு பார் இரண்டு விநாடி. எனவே பாட்டு 1 நிமிடம் 56 விநாடி ஓட வேண்டும்.

தவறு நேர்ந்தால் இந்தக் கணக்கே காட்டிக்கொடுக்கும். முதல் சுற்றிலேயே கோடாவுக்குக் குதித்தவர் 34 பார்களில், ஒரு நிமிடம் 8 விநாடியில் முடித்துவிடுவார். இடையிசையை அவர் வாசித்தே இருக்க மாட்டார். டி.எஸ்.க்குப் பிறகும் ரிப்பீட் போட்டவருக்கு 66 பார்கள் ஆகும். மற்றவர்கள் கோடாவில் இருக்கும்போது அவர் சரணத்தில் இருப்பார். எந்தத் தாளையும் இந்த மூன்று மரபுகளோடு படித்தால் பெரும்பாலும் வழி தவறாது. டி.சி. அல்லது டி.எஸ்.க்குப் பின் ரிப்பீட் இல்லை. அப்போது முதல் முடிவைத் தாண்டி இரண்டாம் முடிவுக்குப் போக வேண்டும். ஃபீனேயும் ‘டு கோடா’வும் அந்தத் திருப்பத்துக்குப் பின்தான் செல்லும். இவற்றுக்கு மாறாக வேண்டும் என்று இசையமைப்பாளர் நினைத்தால் தாளில் எழுதிவிடுவார்.

வாசிக்கும் முன் பென்சில்

புதிய தாள் கைக்கு வந்ததும் வாத்தியத்தைத் தொடாமல் ஒரு முறை கண்ணாலேயே நடந்து பாருங்கள். டி.சி., டி.எஸ்., கோடா, ஃபீனே என்று பார்த்த இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். பிறகு மேலே சொன்னது போல் பார் எண்களால் வழியைப் பக்கத்தின் தலையில் ஒரே வரியில் எழுதுங்கள். திருப்பம் ஒரு பக்கத்திலும் போய்ச் சேரும் இடம் வேறொரு பக்கத்திலும் இருந்தால், வாசிக்கும் போது புரட்ட நேரம் இருக்காது. அந்தப் பக்கத்தை நகலெடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் வழி.

குழுவில் வாசிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முதல் முடிவுக்கும் இரண்டாம் முடிவுக்கும் எண் கொடுப்பதில் பதிப்புக்குப் பதிப்பு வேறுபாடு உண்டு. சிலர் இரண்டுக்கும் ஒரே எண் கொடுக்கிறார்கள், சிலர் தொடர்ந்து எண்ணுகிறார்கள். இரண்டு பேரிடம் இரண்டு பதிப்புகள் இருந்தால், ‘40ஆம் பாரிலிருந்து’ என்று சொன்னதும் ஆளுக்கோர் இடத்தில் தொடங்குவார்கள்.

சென்னையிலும் கொழும்பிலும் பிள்ளைகள் எழுதும் ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி தேர்வுகளுக்குத் தனி விதி இருக்கிறது. டா காப்போ, டால் செஞ்யோ குறிகளைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும். மற்ற ரிப்பீட்டுகளை, ஓரிரு பார்களே நீளமாக இருந்தாலோ பாடத்திட்டம் கேட்டாலோ தவிர, வாசிக்கக் கூடாது. எனவே பெட்ஸோல்டின் மினுவெட் தேர்வு அறையில் 64 பார் அல்ல, 32 பார்தான். அப்படி ரிப்பீட்டை விடும்போது முதல் முடிவையும் விட்டு நேரே இரண்டாம் முடிவுக்குள் போக வேண்டும். வீட்டில் மாதக்கணக்கில் ரிப்பீட்டோடு பழகிய விரல்கள் தேர்வன்று பழக்கப்படி முதல் முடிவுக்குள்தான் போகும். அதனால் தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பே, தேர்வில் வாசிக்கப் போகும் வழியிலேயே பிள்ளையை வாசிக்க வையுங்கள்.